தாத்தாவின் நினைவஞ்சலி போஸ்டருக்குப் படத்தின் பின்னணியை நீக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாத்தா தனியா நின்னு எடுத்த படமே இல்லை. எல்லாம் கல்யாண வீட்டுக் கூட்டப் படம்தான். எதை எடுக்கிறது?

கூட்டப் படம் போதும். போஸ்டருக்கு வேண்டியது முகமும் இரண்டு தோளும்தான். அவை மறையாமல், முகத்தில் ஒரே பக்கமிருந்து மெதுவான வெளிச்சம் விழுந்து, கண் திறந்து, பார்வை கேமராவை நோக்கியோ அதற்குச் சற்று அருகிலோ இருந்தால் அந்தப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரிப் படுக்கையில் எடுத்தது, மூக்கில் குழாய் இருப்பது, ரொம்ப இளைத்துப்போன கடைசி மாதப் படம் ஆகியவற்றை விட்டுவிடலாம். தெருவில் போஸ்டரைப் பார்க்கிறவர் இரண்டு மூன்று வருடத்துக்கு முன் டீக்கடையில் பார்த்துப் பேசிய மனிதரைத்தான் தேடுவார்.

விளக்கம் எளிதாக இருக்கட்டும் என்று, இங்கே வழக்கமாக வருகிற ஒரு படத்தையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். பேத்தியின் வரவேற்பு மேடை. பின்னால் கருஞ்சிவப்புத் துணி, அதில் சரவிளக்கு. தாத்தாவுக்கு நரைத்த முடி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, பவர் கண்ணாடி. அவருடைய இடது தோளில் பேரனின் கை. இதைக் கல்யாண ஆல்பத்திலிருந்து செல்போனில் படம் பிடித்து அனுப்பாதீர்கள். போட்டோ எடுத்தவரிடம் மூலக் கோப்பு இருக்கும், அதைக் கேட்டு வாங்குங்கள்.

பழைய பாஸ்போர்ட் சைஸ் படம் மட்டும்தான் இருக்கு. பெரிய ஃபிளெக்ஸுக்குத் தாங்குமா?

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 6க்கு 4 அடி ஃபிளெக்ஸில் தாத்தாவின் உருவம் சுமார் இரண்டரை அடி, அதாவது 30 அங்குல உயரம் வரும். ஃபிளெக்ஸைக் கொஞ்சம் தள்ளி நின்றுதான் பார்க்கிறார்கள் என்பதால் அங்குலத்துக்கு 72 புள்ளி இருந்தாலே கண்ணுக்குப் போதும். ஆக உருவத்தின் உயரத்துக்கு 2160 புள்ளி வேண்டும். பாஸ்போர்ட் படத்தின் உயரம் 4.5 சென்டிமீட்டர், அதாவது ஒன்றேமுக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். அதை 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம், ஸ்கேன் செய்தால் ஆயிரம் புள்ளி சொச்சம்தான் கிடைக்கும், பாதிதான். 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 2100ஐ ஒட்டி வரும். எனவே சின்னப் படத்துக்கு 1200 வையுங்கள். அதற்கு மேல் போனால் முகத்தின் விவரம் கூடாது, காகிதத்தின் நார்தான் பெரிதாகத் தெரியும்.

ஸ்கேனர் கண்ணாடியையும் படத்தையும் மெல்லிய பருத்தித் துணியால் துடைத்துவிட்டு வையுங்கள். ஈரத்துணி வேண்டாம். பழைய ஸ்டூடியோ படங்கள் சிலவற்றில் தேன்கூடு மாதிரி மேடுபள்ளம் இருக்கும். ஸ்கேனர் ஒரே பக்கமிருந்து ஒளி பாய்ச்சுவதால் அந்த மேடுபள்ளம் புள்ளி புள்ளியாக விழும். அப்படி வந்தால், படத்தை ஒரு முறை நேராகவும், இன்னொரு முறை தலைகீழாகத் திருப்பி வைத்தும் ஸ்கேன் செய்யுங்கள். இரண்டையும் நேராக்கி ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, மேலே இருப்பதை 50 சதவீத ஒளிபுகும் தன்மைக்குக் கொண்டுவந்தால் புள்ளிகள் பெரும்பாலும் அடங்கிவிடும்.

முதல்ல வெட்டிட்டு அப்புறம் பின்னணிக் கலரை யோசிக்கலாமா?

கலரை முதலில் முடிவு செய்யுங்கள். போஸ்டர் சுத்தமாக வருவதும் வராததும் பாதிக்குமேல் இதில்தான் இருக்கிறது.

முடியின் ஓரத்தில் ஒவ்வொரு இழையும் பாதி ஒளிபுகும். அந்தப் பாதியில் பழைய பின்னணியின் வெளிச்சம் கலந்தே பதிவாகியிருக்கும், எப்படி வெட்டினாலும் அது கொஞ்சம் கூடவே வரும். இருட்டான துணியின் முன்னால் எடுத்த முடியை வெள்ளை வானத்தின்மேல் வைத்தால் தலையைச் சுற்றிக் கருப்புக் கோடு தெரியும். வெள்ளைச் சுவரின் முன்னால் எடுத்ததைக் கரும்பச்சை மேல் வைத்தால் வெள்ளைக் கோடு எரியும். பழைய பின்னணி எவ்வளவு இருட்டோ, புதியதும் ஏறக்குறைய அவ்வளவு இருட்டாக இருந்தால் அந்தக் கோடு கண்ணில் படவே படாது.

நம் உதாரணப் படத்தில் பின்னால் கருஞ்சிவப்பு. ஆகவே போஸ்டரில் தலைக்குப் பின்னால் நடுத்தர இருட்டுள்ள சாம்பல் நீலமோ, மங்கிய அரக்கோ நன்றாக ஒட்டும். வெள்ளைச் சட்டையும் அதில் தானாக எடுத்துத் தெரியும். குடும்பத்தார் வெளிர் வானமும் மேகமும்தான் வேண்டும் என்றால் வைக்கலாம். ஆனால் தலைக்கு நேர் பின்னால் மேகத்தின் நிழல் பகுதி வரும்படி நகர்த்திக்கொள்ளுங்கள். சூரியக்கதிர், புறா, குத்துவிளக்கு எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு நிரப்ப வேண்டாம். ஒரு நிறம், வேண்டுமானால் ஓரத்தில் ஒரு விளக்கு. எனக்கு அதுதான் மரியாதையாகப் படுகிறது.

ஒரே சொடுக்கில் பின்னணியை எடுத்தா முடியெல்லாம் மொட்டை அடிச்ச மாதிரி வருது. நரைமுடியை எப்படிக் காப்பாத்துறது?

போட்டோஷாப்பின் Select Subject போன்ற வசதிகள் உடம்பை ஓரளவு சரியாகப் பிடிக்கின்றன. மெல்லிய நரைமுடியில்தான் தடுமாறுகின்றன. முடிக்கு மட்டும் தனி வழி வையுங்கள்.

எந்தக் கலர் படமும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று அடுக்காகப் பதிவாகியிருக்கிறது. Channels பலகையைத் திறந்து மூன்றையும் தனித்தனியே பாருங்கள். நரைமுடி மூன்றிலும் வெளிச்சமாகவே தெரியும். கருஞ்சிவப்புத் துணியோ சிவப்பு அடுக்கில் மட்டும் கொஞ்சம் வெளிச்சமாக இருந்து, பச்சையிலும் நீலத்திலும் கிட்டத்தட்டக் கருப்பாகிவிடும். பச்சை அடுக்கில் பொதுவாக மணல் தூவிய மாதிரியான புள்ளிகள் குறைவு. ஆகவே அதை நகலெடுங்கள். நீலத் துணியோ நீல வானமோ பின்னால் இருந்தால் சிவப்பு அடுக்கை எடுக்க வேண்டும்.

நகலின்மேல் Levels திறந்து, கருப்பு முனையை வலப்பக்கம் மெதுவாகத் தள்ளுங்கள். துணியின் மடிப்பு மறைந்து முழுக் கருப்பானதும் நிறுத்துங்கள். பிறகு வெள்ளை முனையை இடப்பக்கம் கொஞ்சம் கொண்டுவாருங்கள். முடி இழைகள் வெளுக்கத் தொடங்கும்போதே நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் தள்ளினால் இழை தடித்துக் கம்பி மாதிரி ஆகிவிடும். இப்போது முகமும் சட்டையும் சாம்பலாக இருக்கும், அவற்றின் உட்பகுதியைத் தூரிகையால் வெள்ளையடியுங்கள். சரவிளக்கு வெள்ளைப் பொட்டாகத் தெரியும், அதைக் கருப்படியுங்கள். Ctrl-ஐ அழுத்திக்கொண்டு அந்த அடுக்கின் சிறுபடத்தைச் சொடுக்கினால் தேர்வு வந்துவிடும். Layers பலகைக்குத் திரும்பி Add Layer Mask கொடுங்கள்.

படத்தை அழிப்பானால் அழிக்க வேண்டாம், எப்போதும் மாஸ்க்தான். அது படத்தை அழிக்காமல் மறைத்து மட்டும் வைக்கும். முடி ஓரம் திருத்த வேண்டியிருந்தால் வெள்ளைத் தூரிகையால் திரும்பக் கொண்டுவரலாம். ஜிம்ப் என்ற இலவச மென்பொருளிலும் இதே வழிதான்: Duplicate Channel, பிறகு Levels, பிறகு Channel to Selection.

வழுக்கைத் தலைக்கு இந்த வேலை தேவையில்லை. ஆனால் வெள்ளைச் சுவரின் முன்னால் டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்திருந்தால், தலையில் மின்னுகிற இடத்தைச் சுவர் என்று நினைத்து மென்பொருள் கடித்துவிடும். அங்கே பென் டூலில் நீங்களே வளைவு போடுங்கள்.

வெட்டியாச்சு, ஆனா முடி ஓரம் எல்லாம் சிவப்பா இருக்கு.

அது மேடைத் துணியின் நிறம். வெள்ளைச் சட்டையின் தோளிலும் அதே சிவப்பு இருக்கும், கவனியுங்கள். படத்துக்கு மேலே புது அடுக்கு ஒன்று வைத்து, அது கீழே உள்ள உருவத்தை மட்டும் பாதிக்கும்படி Create Clipping Mask கொடுங்கள். அடுக்கின் கலவை முறையை Color என்று மாற்றுங்கள். தலையின் நடுவில் நிறம் கெடாத நரைமுடியிலிருந்து நிறத்தை எடுத்து, மென்மையான தூரிகையால் ஓரத்தில் தடவுங்கள். வெளிச்சமும் நிழலும் அப்படியே இருக்கும், சிவப்பு மட்டும் போய்விடும். சட்டைத் தோளுக்கும் இதேதான்.

காதைத் தொடாதீர்கள். காது மடல் இயல்பாகவே கொஞ்சம் சிவந்திருக்கும். அதைச் சாம்பலாக்கினால் முகத்தில் உயிரில்லாமல் போய்விடும்.

தோள்ல பேரன் கை இருக்கு. அதை எப்படி எடுக்கிறது?

மறு தோளை நகலெடுத்து, இடவலமாகத் திருப்பி, கை இருந்த இடத்தில் வைப்பது பழைய வழி. நம் படத்தில் தாத்தாவின் துண்டு வலது தோளில் கிடக்கிறது. அதைத் திருப்பினால் இரண்டு தோளிலும் துண்டு வந்துவிடும். எனவே துண்டுக்கு வெளியே, சட்டைத் தையலிலிருந்து கை தொடங்கும் வளைவு வரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கழுத்தை ஒட்டிய பகுதியைப் பக்கத்துச் சட்டைத் துணியிலிருந்து Clone Stamp-ஆல் நிரப்புங்கள். வெளிச்சம் ஒரு பக்கமிருந்து வருகிறது என்றால் திருப்பிய தோள் தவறான பக்கம் மின்னும். Curves-இல் கொஞ்சம் இருட்டாக்கினால் சேர்ந்துகொள்ளும்.

இதெல்லாம் சரியாக வரவில்லை என்றால், போஸ்டரில் பெயரும் தேதியும் வரும் பட்டையை அந்தத் தோள்மேல் ஏற்றிவிடலாம். அது தப்பில்லை.

ஆனால் எழுத்துக்கு இடம் வேண்டும் என்று தாத்தாவின் முழு உருவத்தையும் இடவலமாகத் திருப்பாதீர்கள். வகிடு மாறும், கன்னத்து மச்சம் இடம் மாறும், சட்டைப் பை வலப்பக்கம் போய்விடும். என்ன தப்பு என்று சொல்லத் தெரியாவிட்டாலும் பாட்டி பார்த்ததும் "இது அவர் மாதிரி இல்லையே" என்பார். எழுத்தை அந்தப் பக்கம் மாற்றுங்கள், முகம் அப்படியே இருக்கட்டும்.

கண்ணாடிக்குள்ள சிவப்புத் துணி தெரியுது. அதையும் வெட்டணுமா?

வெட்டினால் கண்ணாடியில் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும். கிட்டப்பார்வைக்குப் போடும் கண்ணாடி முகத்தின் ஓரத்தை உள்ளே இழுத்துக் காட்டும், அதனால் பிரேமுக்குள் ஒரு கீற்றுப் பின்னணி தெரிவது வழக்கம். முன்பு சொன்ன Color அடுக்கிலேயே, போஸ்டரின் புதிய பின்னணி நிறத்தை எடுத்து அந்தக் கீற்றின்மேல் மெதுவாகத் தடவுங்கள். கண்ணாடி இயல்பாகவே இருக்கும். பிரேமின் காம்பு காதுக்குப் போகும் வழியில், காம்புக்கும் கன்னத்துக்கும் நடுவே முக்கோணமாக ஓர் இடைவெளி இருக்கும். அது வெறும் காற்று, அதை மட்டும் மாஸ்க்கில் நீக்குங்கள். அவசரத்தில் பலரும் விட்டுவிடுகிற இடம் அது.

ஃபிளாஷ் வெளிச்சம் கண்மணியையே மறைத்திருந்தால் வேறு படம் தேடுங்கள். கண்ணை வரைந்து வைக்க முடியாது.

படம் மங்கலா இருக்கு. முகத்தைத் தெளிவாக்குற ஆப் போட்டுக்கலாமா?

வேண்டாம் என்பேன். அந்த ஆப்கள் இல்லாத விவரத்தைத் தாங்களாகவே இட்டு நிரப்புகின்றன. சுருக்கம் போகும், பல்வரிசை சீராகும், இமை வேறு மாதிரி மடியும். முகம் தெளிவாகத்தான் இருக்கும், தாத்தா இருக்க மாட்டார். கொஞ்சம் மங்கலான உண்மையான முகத்தை ஃபிளெக்ஸில் தூரத்திலிருந்து பார்க்கும்போது யாருக்கும் குறையாகத் தெரியாது. Unsharp Mask-ஐ லேசாகக் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் கலராக்கச் சொல்றாங்க. பொட்டு, விபூதி எல்லாம் சேர்க்கவும் சொல்றாங்க.

நிறத்தை மாற்றாதீர்கள், வெளிச்சத்தைச் சரிசெய்யுங்கள். Curves-இல் நடுப்பகுதியை மட்டும் சிறிது உயர்த்தினால், வெயிலில் நின்றால் எப்படித் தெரிவாரோ அப்படி வருவார். அதற்கு மேல் வெளுத்தால் முகம் சுண்ணாம்பாகி, கழுத்தும் கையும் வேறு ஆளுடையது போலாகும். ஃபிளெக்ஸில் அச்சாகும்போது திரையில் பார்ப்பதைவிடக் கொஞ்சம் இருட்டாக வருவது வழக்கம். அந்த அளவுக்கு மட்டும் முன்கூட்டியே வெளிச்சம் கூட்டுங்கள்.

விபூதி, நாமம், குங்குமம், கழுத்துச் சிலுவை எதுவானாலும் படத்தில் இருந்தால் இருக்கட்டும், இல்லாவிட்டால் நாமாகச் சேர்க்க வேண்டாம். அவர் தினமும் விபூதி பூசுகிறவர், இந்தப் படத்தில் மட்டும் இல்லை என்று பிள்ளைகள் எல்லோரும் ஒருவாக்காகச் சொன்னால், அது இருக்கிற வேறு படத்தைத் தேடித் தரச் சொல்லுங்கள். வரைந்த விபூதி வரைந்ததாகவே தெரியும். மாலைக்கும் இதுதான். கணினி மாலை எப்போதும் ஒட்டிவைத்ததாகவே நிற்கும். நெஞ்சுப் பக்கம் இடம் விட்டுவையுங்கள், அச்சானபின் வீட்டில் பூமாலையையே சாத்தட்டும்.

உருவத்தை எந்த இடத்தில் நிறுத்துவது? காற்றில் மிதப்பது போல இருக்கிறது.

இடுப்பிலோ முழங்கையின் நடுவிலோ நேராக வெட்டி நடுவானத்தில் விட்டால் மிதக்கத்தான் செய்யும். நெஞ்சளவில் நிறுத்துங்கள். வெட்டிய விளிம்பு போஸ்டரின் கீழ் ஓரத்தைத் தொட வேண்டும், அல்லது பெயர்ப் பட்டைக்குப் பின்னால் போய்விட வேண்டும். இரண்டும் முடியாது என்றால் மாஸ்க்கில் Gradient போட்டுச் சட்டையின் கீழ்ப்பகுதியைப் பின்னணியில் கரையவிடலாம். தலைக்கு மேல், முகத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்காவது வெறுமையாக விடுங்கள். 'கண்ணீர் அஞ்சலி' என்ற எழுத்து நெற்றியில் இடிக்கக் கூடாது.

உருவத்தைச் சுற்றி ஒளிவட்டம் போடுவதும், கருப்பு நிழல் போடுவதும் சரியாக வெட்டாத ஓரத்தை மறைக்கத்தான் பெரும்பாலும் உதவுகின்றன. ஓரம் சுத்தமாக இருந்தால் இரண்டும் வேண்டியதில்லை.

சரியா வெட்டியிருக்கேனான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

உருவத்துக்குக் கீழே ஒரு வெற்று அடுக்கை வைத்து முதலில் முழுக் கருப்பு நிரப்புங்கள், பிறகு கிளிப்பச்சை நிரப்புங்கள். கருப்பில் வெள்ளைத் துணுக்குகள் தெரியும், பச்சையில் சிவப்பு ஓரமும் விட்டுப்போன முக்கோணங்களும் தெரியும். 100 சதவீதப் பெரிதாக்கலில் தலையைச் சுற்றி ஒரு முறை, தோளிலிருந்து கை வரை ஒரு முறை பாருங்கள். Alt-ஐ அழுத்திக்கொண்டு மாஸ்க்கைச் சொடுக்கினால் மாஸ்க் மட்டும் தெரியும். வெளியே சாம்பல் கறையோ, சட்டைக்குள்ளே கருப்புப் பொட்டோ இருந்தால் அங்கேயே தூரிகையால் அடைத்துவிடலாம். வெள்ளைச் சட்டைக்குள் விழும் பொட்டு திரையில் ஏமாற்றிவிடும், அச்சில் கறையாகத் தெரியும்.

வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், கடைக்காரர் பின்னணி வெள்ளையா இருக்குங்கிறார்.

படமாக அனுப்பியிருப்பீர்கள். அப்படி அனுப்பினால் அது JPG ஆகிவிடும். JPG-இல் ஒளிபுகும் பகுதி கிடையாது, அளவும் சுருங்கிவிடும். PNG-ஆகச் சேமித்து, இணைப்புக் குறியில் Document என்பதைத் தேர்ந்து அனுப்புங்கள். கடைக்காரர் போட்டோஷாப் வைத்திருந்தால் PSD-ஐயே கொடுத்துவிடுங்கள். முடி ஓரத்தை அவரே பின்னணிக்கு ஏற்றபடி திருத்திக்கொள்வார்.

சாயங்காலம் எடுக்கிறாங்க. ரெண்டு மணி நேரத்துல ஃபிளெக்ஸ் வேணும். எதை விட்டுடலாம்?

பின்னணி நீக்குவதையே விட்டுவிடலாம். பழைய பின்னணியோடு படத்தை மார்பளவுக்குச் செவ்வகமாகக் கத்தரித்து, மெல்லிய வெள்ளைக் கரை போட்டு வையுங்கள். பக்கத்தில் நின்றவரின் முகம் தெரிந்தால் செவ்வகத்தை இன்னும் குறுக்குங்கள், அல்லது முட்டை வடிவத்தில் வெட்டுங்கள். மேடைத் துணியும் சரவிளக்கும் கொண்டாட்டமாகத் தெரிந்தால் படம் முழுவதையும் கருப்பு வெள்ளையாக்கிவிடலாம், அது ஒரு நிமிட வேலை. அவசரத்தில் பிய்த்து வெட்டிய தலையைவிட இது எவ்வளவோ மேல்.

காரியம் நடக்கும் பதினாறாம் நாளுக்குள் நேரம் கிடைக்கும். அப்போது முடியைப் பொறுமையாக வெட்டி, கும்பிடும் படத்துக்கும் பத்திரிகைக்கும் அதையே பயன்படுத்துங்கள். பத்திரிகை கைக்கு அருகில் பார்ப்பது, அங்கே 300 டிபிஐ வேண்டும். ஆனால் படம் இரண்டு அங்குலம்தான் வரும் என்பதால் 600 புள்ளி உயரமே போதும், ஃபிளெக்ஸுக்குச் செய்த கோப்பு தாராளமாகத் தாங்கும். மாஸ்க்கோடு கூடிய PSD-ஐயும், தொடாத மூலப் படத்தையும் குடும்பத்தில் இரண்டு பேரிடமாவது கொடுத்துவையுங்கள். முதலாம் ஆண்டு நினைவஞ்சலிக்குக் கேட்டு வருவார்கள்.